அகலிகை கேட்ட கேள்வி

மார்ச் 2, ஞாயிறு

லட்சுமணனின் மனைவி ஊர்மிளையை வைத்து ஒரு கதை எழுத ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. இன்று முழுதாகப் படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறாள், ஆனால் உயிர் இல்லை. அவள் வாயில் நான் உட்கார்ந்து சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் உரிமை பற்றி அவள் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடான கருத்துகள்தான். அந்த அரண்மனையில் வளர்ந்த ஒருத்திக்கு அவை எப்படித் தோன்றின என்பதற்குத்தான் கதையில் வழியே இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, இதைச் சரியாகச் செய்தவர் எப்படிச் செய்தார் என்று பார்க்கப் போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

புதுமைப்பித்தனின் அகலிகைக் கதையான 'சாப விமோசன'த்துக்குப் போகும் முன் மூலத்தைப் பார்த்துவிடலாம் என்று வால்மீகியின் பாலகாண்டத்தை எடுத்தேன். பாட்டி சொன்ன கதையில் அகலிகை ஏமாந்தவள். வால்மீகியில் அப்படி இல்லை. கணவன் கோதம முனிவரின் வேடத்தில் வந்திருப்பது இந்திரன் என்று தெரிந்தே சம்மதிக்கிறாள். தேவராஜன் மேல் ஓர் ஆவல். பிறகு, "சீக்கிரம் போய்விடு, உன்னையும் என்னையும் காப்பாற்று" என்கிறாள். அந்த ஒரு வரியில் எவ்வளவு பயம்! கல்லாவதும் அங்கே கிடையாது. காற்றே உணவாக, சாம்பலில் படுத்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்க வேண்டும் என்பதே சாபம். ராமன் வந்ததும் அவனும் லட்சுமணனும் அவள் காலைத் தொடுகிறார்கள்.

கம்பனில் அவள் கல். ராமனின் அடித்துகள் பட்டு எழுகிறாள். "உணர்ந்தனள்; உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள்" என்று எழுதிய அதே கம்பன், பின்னால் விசுவாமித்திரர் வாயால் அவளை "நெஞ்சினால் பிழைப்பிலாள்" என்றும் சொல்ல வைக்கிறான். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் அவள் மனம் எங்கே இருந்தது? அந்த இடைவெளியைக் கம்பன் அடைக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மார்ச் 6, வியாழன்

'சாப விமோசனம்' 1943-இல் வந்தது. நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன், இன்று மறுபடியும். சாபம் தீர்ந்த இடத்தில் மற்றவர்கள் கதையை முடிப்பார்கள், அவர் அங்கேதான் ஆரம்பிக்கிறார். மன்னிப்புக் கிடைத்த பிறகு அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள்? சரயு நதிக்கரையில் மற்றப் பெண்கள் அவளைக் கண்டு விலகிப் போகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் அதில் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அவளுக்குப் பதைப்பு. கோதமனுக்கும் நிம்மதி இல்லை.

வனவாசம் முடிந்து சீதை அவளைப் பார்க்க வருகிறாள். வால்மீகியிலும் கம்பனிலும் இவர்கள் சந்திப்பதே இல்லை. புதுமைப்பித்தன் செய்த பெரிய காரியம் இந்தச் சந்திப்புதான் என்று நினைக்கிறேன். சீதை தீக்குளித்ததைச் சொல்கிறாள். "அவர் கேட்டாரா?" என்கிறாள் அகலிகை. கேட்டார், நான் செய்தேன் என்கிறாள் சீதை. உடனே அகலிகை கத்துகிறாள்: "அவன் கேட்டானா?"

'அவர்' என்றவள் 'அவன்' என்கிறாள். 'ர்' போய் 'ன்' வந்த இடத்தில் ஒரு தெய்வம் விழுந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு சொற்பொழிவும் தேவைப்படவில்லை. அவள் கோபத்துக்கான காரணத்தையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. தன்னை மன்னித்தவனே மனைவியிடம் நிரூபணம் கேட்டிருக்கிறான். இரண்டு சம்பவமும் ராமாயணத்திலேயே இருப்பவை, எங்கோ தள்ளித் தள்ளிக் கிடந்தவை. அவற்றைப் பக்கத்தில் வைத்ததும் அவளுக்குக் குரல் தானாக வந்துவிட்டது. கடைசியில் அவள் மறுபடி கல்லாகிறாள். முதல் தடவை அது தண்டனை, இப்போது அடைக்கலம்.

மார்ச் 9, ஞாயிறு

ஊர்மிளையின் சொற்பொழிவை எல்லாம் அடித்துவிட்டேன். பதினொரு பக்கம் போயிற்று, வருத்தமில்லை. அவளுக்குப் புதிதாக எதையும் கொடுப்பதற்கு முன், காவியத்தில் அவளுக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று தேடினேன்.

அயோத்தியா காண்டத்தில், காட்டுக்குப் புறப்படும் லட்சுமணன் ஊர்மிளையிடம் விடைபெறும் காட்சி இல்லை. தாய் சுமித்திரை அவனுக்குச் சொல்லும் அறிவுரை இருக்கிறது: ராமனைத் தசரதனாக எண்ணிக்கொள், சீதையை நானாக எண்ணிக்கொள், காட்டை அயோத்தியாக எண்ணிக்கொள். கேட்கக் கேட்க இனிக்கும் வாக்கு. தந்தைக்கு மாற்று உண்டு, தாய்க்கு உண்டு, ஊருக்கும் உண்டு.

இந்த வார்த்தைகளைக் கதவுக்குப் பின்னால் நின்று ஊர்மிளை கேட்டிருந்தால்? அடுத்து தன் பெயர் வரும் என்று காத்திருந்திருப்பாள். சுமித்திரை மூன்றோடு நிறுத்திவிட்டாள், அவனும் வணங்கிவிட்டுக் கிளம்பினான். கதை அந்தக் கதவிலிருந்து தொடங்குகிறது. இன்று ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது, அதில் அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.