64 பைப்பை மட்டும் ஏன் முழுசாக அடுக்க முடியவில்லை

பல்லடம் பக்கம் எங்கள் கடையில் போர்வெல்லுக்கான கேசிங் பைப் லோடு இறங்கினால் அடுக்குகிற விதம் எப்போதும் ஒன்றுதான். இரண்டு ஓரமும் கட்டை கொடுத்துக் கீழே ஒரு வரிசை போடுவோம், பக்கத்துப் பக்கத்து பைப்புக்கு நடுவில் விழுகிற பள்ளத்தில் அடுத்த வரிசை உட்காரும், அதனால் மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் குறையும். கீழே 11 என்றால் அதன் மேல் 10, அப்புறம் 9. எல்லா வரிசையும் ஓட்டையில்லாமல் முடிந்தால் எண்ணுவது சுலபம், மேலே இருக்கிறதையும் கீழே இருக்கிறதையும் பார்த்தாலே கணக்குச் சொல்லிவிடலாம். 60 பைப்பை அப்படி முடிக்க முடியும், 62, 63 எல்லாம்கூட முடியும். 64 வந்தால் மட்டும் கீழே எத்தனை போட்டு ஆரம்பித்தாலும் உச்சியில் ஒரு வரிசை அரைகுறையாக நிற்கும்.

லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "ஏனுங்க மாமா, 64-க்கு நெசமாவே வராதுங்களா, இல்ல நீங்க சரியாத் தேடலையா?" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஒரு எண்ணுக்கு வழி இருக்கிறது என்று காட்ட ஒரு அடுக்கு போதும், வழியே இல்லை என்று சொல்ல காரணம் வேண்டும்.

சின்ன எண்ணிலிருந்து போட்டுப் பார்த்தோம். ஒற்றைப்படை எண்கள் தொந்தரவே தரவில்லை, 7 என்றால் 3+4, 31 என்றால் 15+16, பாதிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, முடிந்தது. (1 மட்டும் விலக்கு, அதில் இரண்டு வரிசைக்கு ஏது பைப்.) இரட்டைப்படையில்தான் சிக்கல். 6 = 1+2+3 வருகிறது, 10 = 1+2+3+4 வருகிறது, 12 = 3+4+5 வருகிறது. வராமல் நின்றவற்றைத் தனியாக எழுதினால் 1, 2, 4, 8, 16, 32 என்று இருந்தது. அடுத்தது 64 என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் ஏன் என்பது பட்டியலில் இல்லை.

விடை நாங்கள் பைப் எண்ணுகிற முறையிலேயே இருந்தது. 60 பைப் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழே 11, மேலே 4, மொத்தம் 8 வரிசை. இதே மாதிரி இன்னொரு அடுக்கைத் தலைகீழாகப் பக்கத்தில் வைத்ததாக நினைத்தால், 11-க்குப் பக்கத்தில் 4, 10-க்குப் பக்கத்தில் 5, 9-க்குப் பக்கத்தில் 6 என்று எல்லா வரிசையிலும் 15 வந்துவிடும். 8 வரிசை, வரிசைக்கு 15, ஆக 120. அதில் பாதி 60. அதாவது பைப் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு = வரிசை × (உச்சி + அடி).

இங்கேதான் அவள் நிறுத்தினாள். 60-க்கு 8 × 15. 62-க்கு 14 முதல் 17 வரை நான்கு வரிசை, 4 × 31. 63-க்கு 3 முதல் 11 வரை ஒன்பது வரிசை, 9 × 14. "ஒண்ணு ஒத்தப்படை, இன்னொண்ணு ரெட்டப்படையாவே வருதுங்க மாமா" என்றாள். தற்செயலா என்று பார்த்தால் இல்லை. அடி வரிசை என்பது உச்சியோடு வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒன்று கழித்தது. அப்படியானால் உச்சியும் அடியும் சேர்ந்தது, உச்சியின் இரண்டு மடங்கோடு (வரிசை − 1) சேர்ந்தது. இரண்டு மடங்கு எப்போதும் இரட்டைப்படை, அதனால் வரிசை இரட்டைப்படையாக இருந்தால் உச்சி + அடி ஒற்றைப்படை, வரிசை ஒற்றைப்படை என்றால் அது இரட்டைப்படை. இரண்டும் ஒரே ஜாதியாக இருக்க வழியே இல்லை.

இனி 64-க்கு வாருங்கள். இரண்டு மடங்கு 128. அதை ஒரு ஒற்றைப்படை எண்ணும் ஒரு இரட்டைப்படை எண்ணும் பெருக்கியதாக உடைக்க வேண்டும். 128 என்பது ஏழு இரண்டுகளைப் பெருக்கியது, வேறு எதுவும் உள்ளே இல்லை, அதை வகுக்கிற ஒற்றைப்படை எண் 1 மட்டும்தான். அந்த 1 வரிசைகளின் எண்ணிக்கையாக இருக்குமா? இருந்தால் 64 பைப்பும் தரையில் ஒரே வரிசை, அதற்குப் பெயர் அடுக்கு இல்லை. உச்சி + அடி 1 ஆகுமா? ஆகாது, குறைந்தபட்சமே 1+2 = 3. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது. 32, 1024 என்று இரண்டை மட்டும் பெருக்கி வருகிற எந்த எண்ணுக்கும் இதே வாதம்தான்.

நேர் எண்கள் என்ற நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்பதையும் கவனியுங்கள், அந்த 'குறைந்தபட்சம் 3' என்கிற இடத்தில் மட்டும்தான். மைனஸையும் சேர்த்துக்கொண்டால் −63 முதல் 64 வரை 128 எண்கள், எல்லாம் அடிபட்டுப் போய் 64 மட்டும் மிஞ்சும். பைப்பில் அது நடக்காது.

மற்ற எண்களுக்கு எல்லாம் கட்டாயம் வருமா என்பது மிச்சக் கேள்வி. 1-ஐ விடப் பெரிய ஒற்றைப்படை வகுஎண் ஒன்றாவது இருந்தால் போதும். 60-ஐ எடுத்தால் 3, 5, 15 என்று மூன்று இருக்கின்றன, 120-ஐ 3 × 40, 5 × 24, 15 × 8 என்று உடைக்கலாம். இரண்டில் சின்னதை வரிசை என்றும் பெரியதை உச்சி + அடி என்றும் வைக்க வேண்டும். 3 × 40 தருவது 19+20+21. 5 × 24 தருவது 10 முதல் 14 வரை. 15 × 8-இல் சின்னது 8, அதனால் 8 வரிசை, உச்சி (15 − 7) ÷ 2 = 4. ஒன்று ஒற்றை, இன்னொன்று இரட்டை என்பதால் இரண்டும் சமமாக இருக்காது, கழித்தது மிச்சமில்லாமல் பாதியாகும், உச்சி 1-க்குக் கீழே போகவும் போகாது.

சின்னதை விட்டுவிட்டு 15-ஐயே வரிசையாக வைத்தால் என்ன ஆகும் என்று அவள் போட்டுப் பார்த்தாள். உச்சி −3 என்று வந்தது, −3 முதல் 11 வரை பதினைந்து எண்கள். −3, −2, −1 மூன்றும் 3, 2, 1-ஐத் தின்றுவிட, 0 போக மிஞ்சுவது 4 முதல் 11. அதே எட்டு வரிசை அடுக்குதான்! எனக்கு நிரூபணத்தைவிட இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

ஆக ஒரு எண்ணை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதற்கு அதன் ஒற்றைப்படை வகுஎண்களை எண்ணி 1-ஐ விட்டுவிட்டால் போதும். 105-க்கு 3, 5, 7, 15, 21, 35, 105 என்று ஏழு, ஆகவே ஏழு அடுக்கு. 52+53 என்று இரண்டே வரிசையில் பரப்புவதற்கு எங்கள் கடையில் அகலம் கிடையாது, 1 முதல் 14 வரை கூம்பாக ஏற்றினால் உச்சியிலிருந்து இறக்க ஏணி தேவைப்படும். அடியில் 20, உச்சியில் 15, ஆறு வரிசை என்பது ஷெட்டுக்குச் சரியாக இருக்கும், அதைத்தான் லோடு இறக்குகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.