84.6 கிராம்: கொலுசுப் பட்டறை நாட்குறிப்பு

21 ஜூலை 2025, திங்கள்

காலையில் பட்டறைக் கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நேற்றிரவு 11:52-க்கு வந்த மின்னஞ்சல். கோயம்புத்தூரிலிருந்து. இம்மாதம் 8-ஆம் தேதி நாங்கள் கூரியரில் அனுப்பிய கொலுசு ஜோடி பத்தே நாளில் கறுத்துவிட்டதாம், எடையும் குறைகிறதாம். "நீ விற்றது வெள்ளியே இல்லை, திருட்டுக் கும்பல், 24 மணி நேரத்தில் முழுப் பணமும் வரவில்லை என்றால் போலீஸ், நுகர்வோர் கோர்ட், பேஸ்புக் எல்லாவற்றுக்கும் போவேன். செவ்வாய்ப்பேட்டையில் உன் கடை எங்கே என்று தெரியும், ஆட்களோடு வருவேன்." முழுக்க ஒருமையில்.

தம்பி உடனே பதில் எழுதினான். "நாங்கள் 30 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம், இதுவரை ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை, சரியாகத்தான் அனுப்பினோம்." அனுப்புவதற்கு முன் தடுத்துவிட்டேன். "ஒருவர்கூட" என்பதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் கிடையாது. "சரியாகத்தான்" என்பதில் உள்ள அந்தத் "தான்" சண்டைக்கு இழுக்கிற சொல். எதிராளி பொய் சொல்கிறார் என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

முதலில் அந்த மடலைப் பத்திரப்படுத்தினேன். ஜிமெயிலில் Show original போய், Download original அழுத்தினால் தலைப்பு விவரங்களோடு முழு மடலும் ஒரு கோப்பாக இறங்கும். ஆட்களோடு வருவதாக எழுதியிருப்பதால், நாளைக்குக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டி வந்தால் ஸ்கிரீன்ஷாட்டை விட அதுதான் உதவும். பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப் போவதில்லை.

11 மணிக்கு நான்கே வரி அனுப்பினேன்: "வணக்கம். உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. எடை குறைவு, கறுத்துப் போனது என்ற இரண்டு புகார்களையும் குறித்துக்கொண்டேன். உங்கள் ஆர்டரின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை மாலை 6 மணிக்குள் விவரமாக எழுதுகிறேன். அதுவரை கொலுசை எதுவும் போட்டுத் தேய்க்காமல் வைத்திருங்கள்." தப்பு எங்களுடையது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இன்னும் எதுவும் தெரியாதே. மின்வணிக விதிகளின்படி (2020) புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் 24 மணி நேரம் என்று கெடு வைத்தவருக்கு ஒரு மணியும் கிழமையும் சொல்வதுதான் முக்கியம். காப்பாற்ற முடிகிற நேரமாக மட்டும் இருக்க வேண்டும்.

22 ஜூலை, செவ்வாய்

அவர் மடலை அச்செடுத்து, சரிபார்க்கக்கூடியதை மட்டும் அடிக்கோடிட்டேன். அவ்வளவு நீள மடலில் தேறியது இரண்டுதான்: உள்ளூர் நகைக்கடைத் தராசில் 80.5 கிராம் காட்டுகிறது (படம் இணைத்திருக்கிறார்), கறுத்துவிட்டது.

எடையிலிருந்து தொடங்கினேன். பில்லில் 84.6. பேக்கிங் படத்திலும் தராசு 84.6 காட்டுகிறது. தம்பி "பார்த்தியா அக்கா!" என்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தராசுத் தட்டில் கொலுசு மட்டும் இல்லை, ஜிப் கவரும் உள்ளே கடை அட்டையும் இருக்கின்றன. அதே கவரையும் அட்டையையும் எடுத்துத் தனியே நிறுத்தோம். 4.1 கிராம். கொலுசு 80.5-தான். அவர் சொன்னது சரி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பியின் பதில் நேற்றுப் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்தது தரம். அப்பா லாட் நோட்டைப் புரட்டினார். இந்தக் கொலுசுக்குப் போன வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று ஜூலை 3-ஆம் தேதி டச் பார்த்த சீட்டு இருக்கிறது, நூற்றுக்கு 92.6. ஆனால் அது கம்பி இழுப்பதற்கு முந்தைய கட்டிக்குப் பார்த்தது. அப்புறம் பொடி வைத்து இணைப்புகளைப் பற்றவைக்கிறோம், அதில் தரம் மாறலாம். அதனால் "உங்கள் கொலுசு 92.6" என்று நான் எழுத முடியாது. "அந்த லாட் வெள்ளிக்கு 92.6 வந்தது" என்று மட்டும் எழுதலாம்.

கறுப்பதைப் பொறுத்தவரை, காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்ஃபைடு படிகிறது. சுத்த வெள்ளியும் கறுக்கும். அதனால் கறுத்ததை வைத்துத் தரம் குறைவு என்றும் சொல்ல முடியாது, அதை வைத்தே தரம் சரி என்றும் நாங்கள் சொல்ல முடியாது. சோதனைதான் வழி.

23 ஜூலை, புதன்

மூன்று முறை எழுதி அழித்தேன். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று வந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த "இருந்தால்" அவர் புண்பட்டதையே சந்தேகிக்கிறது. அப்பாவின் அனுபவத்தைச் சொல்லும் வரியும் போனது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்கான சீட்டோ படமோ எது என்று பென்சிலால் எழுதினேன். எதுவும் எழுத முடியாத வரியை அடித்துவிட்டேன். மாலை 4:30-க்கு அனுப்பியது:

"வணக்கம் அம்மா. சொன்னபடி எழுதுகிறேன்.

எடை: நீங்கள் சொன்னது சரி. கொலுசு 80.5 கிராம். கவரோடும் அட்டையோடும் நிறுத்து 84.6 என்று பில் போட்டுவிட்டோம். இது எங்கள் தவறு, மன்னிக்கவும். வித்தியாசம் 4.1 கிராம். வெள்ளி 118, செய்கூலி 22, ஆக கிராமுக்கு 140 ரூபாய் வீதம் 574.00, அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 17.22. மொத்தம் 591.22 ரூபாயை நீங்கள் பணம் அனுப்பிய கணக்குக்கே இன்று திருப்பிவிட்டோம். தராசுப் படங்கள் இரண்டும் இணைப்பில்.

தரம்: இந்த லாட் வெள்ளிக்கு ஜூலை 3 அன்று டச் 92.6 வந்தது, சீட்டு இணைப்பில். உங்கள் கையில் உள்ள ஜோடியைத் தனியாகச் சோதிக்கவில்லை. கோவையில் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையம் எதையும் நீங்களே தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள். பட்டையில் ஓர் இடம், கொக்கிப் பக்கம் ஓர் இடம் என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டண ரசீதை அனுப்பினால் தொகையைத் தருகிறோம். 92.5-க்குக் குறைந்தால் முழுத் தொகையும் கூரியர் செலவும் மூன்று வேலை நாளில் திருப்பித் தருவோம்.

ஆகஸ்ட் 2-க்குள் அறிக்கை அனுப்ப முடியுமா?"

போலீஸ், கோர்ட், பேஸ்புக் எதற்கும் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது அவருடைய உரிமை, தன் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதைத் தடுக்கிற மாதிரி ஒரு சொல் எழுதினாலும் அது நம் பக்கத்து மிரட்டலாகிவிடும்.

24 ஜூலை, வியாழன்

பதில் வந்தது. "591 ரூபாய் வந்தது. எடையில் ஏமாற்றியவர்கள் தரத்தில் ஏமாற்ற மாட்டீர்களா? சோதிக்கிறேன், பார்ப்போம்." கோபம் குறையவில்லை. ஆனால் "நீ" போய் "நீங்கள்" வந்திருக்கிறது. "ஏமாற்றியவர்கள்" என்பதற்கு மறுப்பு எழுத தம்பிக்கு ஆசை. வேண்டாம் என்றேன். "நன்றி அம்மா. அறிக்கைக்குக் காத்திருக்கிறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

29 ஜூலை, செவ்வாய்

அறிக்கை வந்தது. பட்டையில் 92.7, கொக்கிப் பக்கம் 92.5. கீழே ஒரு வரி: "தரம் சரியாக இருக்கிறது. கறுப்பு எப்படிப் போகும்?" சோதனைக் கட்டணத்தை அனுப்பிவிட்டு எழுதினேன்: வெந்நீரில் அலுமினியத் தாள் விரித்து, சோடா உப்புப் போட்டு, கொலுசு அந்தத் தாளைத் தொடுகிற மாதிரி சில நிமிஷம் வையுங்கள், அப்புறம் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

சாயங்காலம் தம்பியும் நானும் ஜூலையில் போன எல்லா பார்சலின் பேக்கிங் படங்களையும் எடுத்து உட்கார்ந்தோம். கவரோடு நிறுத்தது மொத்தம் ஆறு. மற்ற ஐந்து பேரும் இதுவரை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு, படத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு போய்விட்டது, மூன்று பாக்கி.