அம்மாவின் கடைசி நிறுவையும் ஐந்து வரியும்

அம்மா தேயிலை மலைக்கு வேலைக்குப் போன கடைசி நாளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு படம் எடுத்தேன். தராசு, சாக்கு, இடுப்பில் படங்கு, அம்மாவின் பக்கவாட்டு முகம். அன்று இரவு லயத்துக் காம்பராவில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் எழுத ஆரம்பித்து, ஒரே மூச்சில் 430 சொல் எழுதிவிட்டேன். அழுதுகொண்டே எழுதியதுதான்.

இன்ஸ்டாகிராமில் ஒட்டப் பார்த்தேன். முழுதாக ஏறவில்லை. அங்கே 2,200 குறிதான் எல்லை, அதிலும் தமிழ் சீக்கிரம் நிறைந்துவிடும். 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்கு ஐந்து. எப்படியும் முதல் இரண்டு வரிக்குப் பிறகு மடித்துவிடுவார்கள், தொட்டால்தான் மிச்சம் தெரியும். என் முதல் இரண்டு வரியில் இருந்தது இதுதான்: 'பனி மூடிய மலைகளின் மடியில், விடியலுக்கு முன்பே எழுந்து, தியாகத்தின் உருவமாய்...' கொழும்பிலிருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "நல்லாருக்கு அக்கா, ஆனா அம்மாவக் காணோமே?" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் காலையில் படித்துப் பார்த்தபோது அவன் சொன்னது சரி. பனியும் மலையும் படத்திலேயே இருந்தன, அவற்றை எடுத்தேன். தியாகம், தெய்வம், கண்ணீர் மூன்றையும் எடுத்தேன். எந்த அம்மாவின் படத்துக்குக் கீழும் அவை பொருந்தும். அதற்குள்ளேயே பாதி போய்விட்டது.

அடுத்தது கஷ்டமான பகுதி. கிலோ குறைந்த நாளில் அரை நாள் சம்பளமாக அரைப்பேர் போட்டது, ஈரக் கொழுந்தென்று நிறுவையில் வெட்டியது என்று ஒரு பத்தி முழுக்கக் குமுறியிருந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் படத்தில் மடுவம் தெரிகிறது, எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தாலே எந்தத் தோட்டம், எந்தக் கணக்கப்பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அம்மாவின் ஈபிஎஃப் பத்திரங்களும் சேவைக்காலப் பணமும் இன்னும் வந்து முடியவில்லை, நாங்கள் இருப்பதும் தோட்டத்து லயத்தில். அந்தப் பத்தியை அழிக்காமல் வேறொரு குறிப்பில் போட்டு வைத்தேன். அதை ஆதாரத்தோடு கேட்க வேண்டிய இடம் வேறு. அம்மாவின் முழங்கால் வலி, அப்பாவின் குடி இரண்டையும் பற்றி அம்மாவிடமே கேட்டேன். "அதெல்லாம் ஊருக்கு என்னாத்துக்கு புள்ள" என்றார். சரி, அவையும் போயின. இடத்தின் பெயரையும் போடவில்லை.

மிஞ்சியதில் நாலாம் பத்தியின் நடுவில் ஒரு வாக்கியம் கிடந்தது. கடைசி நிறுவை முடிந்ததும் அம்மா கணக்கப்பிள்ளையிடம் சொன்னது: "நாளைக்கு எம்பேர எழுதிடாதீங்க." எழுதும்போது அதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் போட்டிருந்தேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம், ஆளின் பெயரும் அதுவே. எங்கள் ஆட்களுக்கு அந்த வரி மட்டும் போதும். வெளியாட்களுக்கு விளங்காதே என்று 'பேர்' பற்றி மூன்று வரி விளக்கம் எழுதினேன், பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் விளக்கத்தைத் தூக்கிவிட்டு, 'பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளமும்தான்' என்று ஒரே வரியை அடியில் வைத்தேன். தெரியாதவர் மேலே திரும்பிப் போய் வாசித்துக்கொள்ளட்டும்.

எந்த வரியை முதலில் வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. '31 வருசம்' என்று தொடங்கினால் பாராட்டு விழாப் பத்திரம் போல இருந்தது. அம்மாவின் பேச்சையே மேலே வைத்தேன். மடிப்புக்கு முன்னால் அது முழுசாகத் தெரிந்தது.

*'நாளைக்கு எம்பேர எழுதிடாதீங்க.'*
*31 வருசம் கொழுந்தெடுத்த அம்மா, கடைசி நாள் மடுவத்தில் சொன்னது.*
*மறுநாளும் நாலரைக்கே எழும்பித் தேத்தண்ணி ஊற்றினார்.*
*பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளமும்தான்.*

'பெருமையடைகிறேன் அம்மா' என்ற முடிவை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்தேன். அழிக்க மனம் வரவில்லை. பிறகு அதை அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு அழித்தேன். அவர் வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

போடுவதற்கு முன் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "23 கிலோன்னு போடலியா?" என்றார். அன்றைக்கு எடுத்த கொழுந்து. 430 சொல்லில் எங்கேயும் நான் அதை எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் வரிக்குக் கீழே சேர்த்தேன்: *அன்றைய கொழுந்து 23 கிலோ.*