மீட்டர் ரீடிங் ஒரே இரவில் பத்து மடங்கானபோது: ஸ்கேலர் மாறிய ஒரு தொகுதியைச் சரிசெய்த விதம்

ஸ்மார்ட் மீட்டர் தரவைக் கையாளும் எங்கள் குழுவுக்கு வந்த சிக்கல் இது. ஒரே தொகுதியைச் சேர்ந்த ஒருமுனை மீட்டர்களுக்கு இரவில் புதிய ஃபர்ம்வேர் அனுப்பப்பட்டது. அடுத்த நள்ளிரவு ரீடிங் வந்தபோது அந்த மீட்டர்கள் எல்லாமே பத்து மடங்கு காட்டின. மற்ற தொகுதிகளில் ஒரு மாற்றமும் இல்லை. மீட்டர் பழுதாகவில்லை, யாரும் மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவழிக்கவும் இல்லை. மீட்டர் எண்ணை அனுப்பும் அலகு மட்டும் மாறியிருந்தது.

முதலில் ஒரு சொல் தெளிவு. நம் பேச்சில் யூனிட் என்றால் கிலோவாட்-மணி. இங்கே குழப்பம் செய்தது, மீட்டர் அனுப்பும் எண்ணில் ஒன்று என்பது எத்தனை வாட்-மணி என்ற கணக்கு. அதை அலகு என்றே எழுதுகிறோம்.

டி.எல்.எம்.எஸ் என்ற தகவல் தொடர்பு முறையில் பேசும் மீட்டர் 3250.47 யூனிட் என்று தசமப் புள்ளியோடு அனுப்பாது. ஒரு முழு எண்ணை அனுப்பும். அதை எந்த அளவையில், பத்தின் எந்த அடுக்கால் பெருக்கிப் படிக்க வேண்டும் என்பதைத் தனியாக வைத்திருக்கும். மொத்த மின்னுகர்வுப் பதிவேடான `1.0.1.8.0.255`-இல் 2-ஆம் பண்பு எண், 3-ஆம் பண்பு பத்தின் அடுக்கைச் சொல்லும் ஸ்கேலரும் அளவையும். எங்கள் மீட்டரில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது கிடைத்தது:

```
பழைய ஃபர்ம்வேர்
  மதிப்பு   06 00 04 F5 B7      -> 325047
  ஸ்கேலர்   02 02 0F 01 16 1E   -> 10^1, Wh
புதிய ஃபர்ம்வேர்
  மதிப்பு   06 00 31 B8 8E      -> 3258510
  ஸ்கேலர்   02 02 0F 00 16 1E   -> 10^0, Wh
```

கடைசி `1E` என்பது 30, அதாவது வாட்-மணி. அது இரண்டிலும் ஒன்றுதான். `0F`-க்குப் பின்னால் வரும் பைட்தான் ஸ்கேலர். பழையதில் 1 என்பதால் 325047 × 10 வாட்-மணி, அதாவது 3250.47 யூனிட். புதியதில் 0 என்பதால் 3258510 வாட்-மணி, அதாவது 3258.51 யூனிட். மீட்டரைப் பொறுத்தவரை இரண்டுமே சரி. நடுவில் ஒரு நாளின் 8.04 யூனிட் மட்டுமே ஓடியிருக்கிறது. ஆனால் மீட்டர்களிலிருந்து தரவை வாங்கிச் சேமிக்கும் ஹெட்-எண்ட் மென்பொருள் ஸ்கேலரை ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. மீட்டர் முதலில் பதிவானபோது கேட்ட 1-ஐ, தயாரிப்பாளர் பெயரோடும் மாடலோடும் சேர்த்துச் சேமித்து வைத்திருந்தது. அதனால் 3258510-ஐயும் பத்தால் பெருக்கி 32585.10 என்று எழுதிவிட்டது.

வீட்டில் மீட்டர் திரையில் 3258.51 என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு புகார் வந்தால் நுகர்வோரிடம் கேட்க வேண்டிய முதல் பொருள், நேரம் தெரியும்படி எடுத்த திரைப் படம். திரையும் ஹெட்-எண்டும் சரியாகப் பத்தின் அடுக்கில் வேறுபட்டால் அது ஸ்கேலர் சிக்கல். 1.7 மடங்கு, 2.3 மடங்கு என்று வேறுபட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணத்தைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ப்ரீபெய்டு முறையில் இயங்கும் மீட்டர்களுக்கு இருப்பு தீர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கட்டளை தானாகவே போகும். ஒரே நாளில் முப்பதாயிரம் யூனிட் கழிக்கப்பட்டால் எந்த இருப்பும் நிற்காது. முதலில் அந்தத் தொகுதிக்கு மட்டும் துண்டிப்புக் கட்டளைகளை நிறுத்தினோம், பிறகு பில் ஓட்டத்தை நிறுத்தினோம். வரிசையை மாற்றக் கூடாது. தவறான பில்லைத் திருத்த நாளாகலாம், மின்சாரம் போன வீடு காத்திருக்க முடியாது.

அடுத்த கேள்வி, தரவுச் சரிபார்ப்பு இதை ஏன் முழுவதுமாகத் தடுக்கவில்லை என்பது. 5-30 ஆம்பியர் மீட்டரில் 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் 172.8 யூனிட். ஒரு நாளில் அதற்கு மேல் வந்தால் நிராகரி என்ற விதி இருந்தது. முதல் நாள் வித்தியாசம் 32585.10 − 3250.47 = 29334.63. விதி அதைப் பிடித்தது. இரண்டாம் நாள் உண்மையான ரீடிங் 3266.40, ஹெட்-எண்டில் 32664.00. வித்தியாசம் 78.90 யூனிட். 172.8-க்குக் கீழே இருப்பதால் அது சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. தாவல் ஒரு நாள்தான் தெரியும். அதன் பிறகு அதிகம் செலவழிக்கும் வீடு போலவே தோற்றமளிக்கும். முதல் நாள் எச்சரிக்கையைத் தகவல் தொடர்புப் பிழை என்று மூடிவிட்டால், சிக்கல் பில் வரும்வரை மறைந்தே இருக்கும்.

பாதிக்கப்பட்ட மீட்டர்களைப் பட்டியலிட, இரண்டு நள்ளிரவு ரீடிங்குகளின் விகிதத்தை முதலில் பார்த்தோம்:

```sql
SELECT fw_version, COUNT(*)
FROM daily_load JOIN meter USING (meter_no)
WHERE cum_kwh / NULLIF(prev_cum_kwh, 0) BETWEEN 9.5 AND 10.5
GROUP BY fw_version;
```

ஒரே ஃபர்ம்வேர் பதிப்பு மட்டும் வந்தது. காரணம் உறுதியானது, பட்டியல் முழுமையாகவில்லை. அண்மையில் பொருத்திய மீட்டரில் 12 யூனிட் மட்டுமே இருந்து, அன்று 8 யூனிட் ஓடியிருந்தால் 20 என்பது 200 ஆகும். விகிதம் 16.7, வலையில் சிக்காது. பூட்டிக் கிடக்கும் புது வீட்டில் 0 எப்போதும் 0-தான். ஆகவே விகிதத்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், பட்டியலை ஃபர்ம்வேர் பதிப்பை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஹெட்-எண்டில் பதிந்திருப்பதை நம்பாமல், மீட்டரிலிருந்தே `1.0.0.2.0.255`-ஐப் படித்துக்கொள்ள வேண்டும். மேம்படுத்தல் பாதியில் தோற்ற மீட்டர்களைப் புதிய பதிப்பு என்று ஹெட்-எண்ட் காட்டும் நேரங்கள் உண்டு.

இனி திருத்தம். எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிடலாம் என்ற யோசனை உடனே வரும். அது எங்கே தவறும் என்பதை ஒரே மீட்டரில் பார்க்கலாம். மாதத் தொடக்க ரீடிங் 3122.40. மேம்படுத்தல் 18-ஆம் தேதி அதிகாலை நடந்தது. மாத முடிவில் உண்மையான ரீடிங் 3362.90, ஹெட்-எண்டில் 33629.00. பில்லுக்குப் போன நுகர்வு 33629.00 − 3122.40 = 30506.60. இதைப் பத்தால் வகுத்தால் 3050.66. உண்மையான நுகர்வோ 240.50. தொடக்க ரீடிங் பழைய அலகிலும் முடிவு ரீடிங் புதிய அலகிலும் இருப்பதால், வித்தியாசத்தை வகுப்பதில் பொருளே இல்லை. முடிவு ரீடிங்கை முதலில் திருத்திவிட்டுத்தான் கழிக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டு முனைகளும் புதிய அலகில் வரும்போது வகுத்தால் சரியாக வரும். அதனாலேயே இந்தக் குறுக்குவழி ஆபத்தானது. ஒரு மாதத்தில் சோதித்துப் பார்த்துச் சரி என்று நம்பி, முந்தைய மாதத்துக்கும் அதையே போட்டுவிடுவார்கள். பில் தொகையை வகுப்பதும் கூடாது. வீட்டு மின்கட்டணம் படிநிலைகளில் ஏறுவதால், யூனிட்டைத் திருத்திக் கட்டணத்தை முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அரைமணித் தரவுதான். மீட்டர் அரை மணிக்கு ஒரு பதிவை `1.0.99.1.0.255`-இல் சேமிக்கிறது. ஃபர்ம்வேர் மாறியபோது, ஏற்கெனவே நினைவகத்தில் இருந்த பதிவுகள் பழைய அலகிலேயே நின்றுவிட்டன. ஆனால் அந்தப் பதிவுகளுக்கான ஸ்கேலர் பட்டியலைக் (`1.0.94.91.4.255`) கேட்டால் இப்போது புதிய ஸ்கேலரையே மீட்டர் சொல்கிறது. ஒரே நினைவகத்தில் இரண்டு அலகுகள், ஒரே ஸ்கேலர். தொடர்பு விட்டுப்போய், 17-ஆம் தேதிப் பதிவை 18-ஆம் தேதி வாங்கிய மீட்டர்களில், ஹெட்-எண்டை மீட்டர் சொல்வதையே பின்பற்று என்று திருத்தினால் அந்தப் பதிவுகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

எது எந்த அலகு என்பதைப் பதிவுக்குள்ளேயே கண்டுபிடிக்க வழி இருந்தது. ஒவ்வொரு அரைமணிப் பதிவிலும் சராசரி வோல்டேஜும் சராசரி மின்னோட்டமும் உண்டு. அவற்றின் ஸ்கேலர்கள் மாறவில்லை. 17-ஆம் தேதி 19:30 பதிவில் 231 வோல்ட், 1.80 ஆம்பியர். அரை மணிக்கு 231 × 1.80 × 0.5 = 208 வோல்ட்-ஆம்பியர்-மணி வர வேண்டும். பதிவில் இருந்த எண் 21. பத்தால் பெருக்கினால் 210, ஆகவே பழைய அலகு. மறுநாள் அதே நேரப் பதிவில் ஏறக்குறைய அதே சுமை, எண் 207. அது புதிய அலகு. ஒப்பிட வேண்டியது வோல்ட்-ஆம்பியர்-மணியை. வாட்-மணியை எடுத்தால் பவர் ஃபேக்டர் நடுவில் வந்து குழப்பும். பத்து மடங்கு வேறுபாட்டைப் பிரிக்க இந்தக் கணக்கு தாராளம். மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும் நள்ளிரவுப் பதிவுகளில் மட்டும் இதை நம்ப முடியாது. பழைய அலகில் அவை 0, 1 என்றே இருக்கும். அங்கே பதிவின் நேரத்தை மேம்படுத்தல் நேரத்தோடு ஒப்பிட்டு முடிவெடுத்தோம்.

மேம்படுத்தல் நேரம் மீட்டருக்கு மீட்டர் வேறு. ஹெட்-எண்ட் கட்டளை அனுப்பிய நேரத்தை எடுக்கக் கூடாது. புதிய ஃபர்ம்வேரை மீட்டர் செயல்படுத்திய நேரமே எல்லை. அந்த எல்லையை ஒவ்வொரு மீட்டருக்கும் பதிந்து, மூல எண்களிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டோம். ஏற்கெனவே பெருக்கி எழுதிய மதிப்புகளின் மேல் திருத்தம் போடவில்லை. ஏதோ ஒரு பதிவை இருமுறை திருத்திவிட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. மீட்டர் அனுப்பிய முழு எண் பெருக்காமல் சேமிப்பில் இருந்ததால்தான் இது முடிந்தது.

திருத்தியபின் ஒவ்வொரு நாளுக்கும் 48 பதிவுகளின் கூட்டலை, இரண்டு நள்ளிரவு ரீடிங்குகளின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டோம். பழைய அலகில் ஒரு பதிவுக்கு 5 வாட்-மணி வரை முழுமையாக்கல் பிழை வரலாம், 48-க்கும் சேர்த்து 0.24 யூனிட். அதற்கு மேல் வந்தவற்றை மட்டும் ஆள் அனுப்பி, ஆப்டிகல் ப்ரோபால் மீட்டரிலேயே படித்தோம். இந்த ஒப்பீட்டைத் திருத்தத்துக்கு முன்பே செய்திருந்தால், தாவல் நடந்த நாளைத் தவிர வேறெந்த நாளிலும் எதுவும் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் பத்து மடங்காக இருந்ததால், தவறான தரவும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியிருக்கும்.

உச்சத் தேவைப் பதிவேடான `1.0.1.6.0.255` வேறு ஸ்கேலரில் இருந்து மாறாமல் நின்றது. நாளுக்கு 78.90 யூனிட் என்றால் சராசரிச் சுமை 3.29 கிலோவாட். அதே மீட்டரின் உச்சத் தேவை 2.1 கிலோவாட். சராசரி உச்சத்தைத் தாண்ட முடியாது. இரண்டாம் நாள் தவறு தப்பிய இடத்தில் இப்போது இந்த விதியைப் போட்டிருக்கிறோம். நாள் முழுக்க மிகக் குறைவாக ஓடி, மாலையில் மட்டும் உச்சம் தொடும் வீடுகளை இது பிடிக்காது. அவற்றுக்கு வோல்ட்-ஆம்பியர் கணக்குத்தான்.

ஹெட்-எண்டில் ஸ்கேலர் இப்போது மாடலோடு சேமிக்கப்படுவதில்லை. மீட்டர் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த நேரத்திலிருந்து என்ற மூன்றோடும் சேமிக்கப்படுகிறது. பதிப்பு மாறினால் அந்த மீட்டரின் எல்லாப் பதிவேடுகளின் ஸ்கேலரும் மறுபடி வாசிக்கப்படும். பழையதோடு ஒன்றாவது வேறுபட்டால் அந்த மீட்டரின் தரவு பில்லுக்குப் போகாமல் நிற்கும். ஸ்கேலர் குறியுள்ள எண் என்பதையும் அப்போதே சரிபார்த்தோம். `FF` வந்தால் அது −1, 255 அல்ல. புதிய ஃபர்ம்வேரை முதலில் ஐந்து மீட்டர்களுக்கு மட்டும் அனுப்பி, 48 பதிவுகள் சேரும்வரை காத்திருந்து, திரை, மூல எண், ஸ்கேலர், வோல்ட்-ஆம்பியர் கணக்கு நான்கும் பொருந்தினால்தான் அடுத்த தொகுதிக்கு அனுப்புகிறோம்.