இழையைப் பிடிப்பதா, விடுவதா: ஒரு லாட்டின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் மேசை மேல் உடைந்த பிராக்கெட் ஏழு கிடந்தது. 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீன், வழக்கமான குருணை, வழக்கமான மோல்டு. இழுவைச் சோதனையில் 80 மெகாபாஸ்கல் அளவில் நிற்க வேண்டிய சோதனைப் பார் 44-இலேயே போய்விட்டது. ஐந்து பார் போட்டும் அதேதான்.

மோல்டிங் அண்ணன் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பேக் பிரஷர் ஏத்திட்டானுங்க தம்பி. ஸ்க்ரூவுல ஃபைபர் பொடியாயிருச்சு." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குருணையை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவில் எதிர் அழுத்தம் கூடி இழை நொறுங்கினால் பலம் குறையும் என்பது சரிதான். ஆனால் நொறுங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. போன மாத லாட்டிலிருந்து எடுத்து வைத்த நல்ல பார் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

பாரின் நடுப்பகுதியிலிருந்து துண்டு வெட்டி, மூசையில் வைத்து, மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரி. பிளாஸ்டிக் எரிந்துபோய் வெள்ளைப் பஞ்சு போல இழை மட்டும் மிஞ்சும். எடை போட்டால் இரண்டு லாட்டிலும் 30 சதவீதம். ஆக, கண்ணாடி குறையவில்லை.

இனி நீளம். இங்கேதான் ஆட்கள் தவறு செய்வார்கள்; நானும் முன்பு செய்திருக்கிறேன். இடுக்கியால் எடுத்தால் கையில் வருவதெல்லாம் நீள இழைதான், பொடி மூசையிலேயே தங்கிவிடும். அதனால் பஞ்சை அப்படியே தண்ணீரில் போட்டு மெதுவாகக் கலக்கி, கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் ஒரு பகுதியில் விழுந்த அத்தனையையும் அளந்தேன். துண்டின் ஓரத்தில் கத்தி வெட்டிய இழைகளும் கலந்துவிடும் என்பதால், வெட்டிய துண்டு கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது.

400 இழை எண்ணி முடிப்பதற்குள் கண் எரிந்தது. 0.2 மி.மீ. அளவில் 188, 0.4-இல் 131, 0.6-இல் 62, 1.2 அளவில் வெறும் 19. நல்ல லாட்டிலும் ஏறக்குறைய இதே கணக்கு.

அண்ணனிடம் காட்டினேன். நீளம் மாறவில்லை, பலம் மட்டும் பாதியாகிவிட்டது. "அப்ப ஸ்க்ரூ இல்லியா?" என்றார். ஸ்க்ரூ இல்லை.

மார்ச் 6, வியாழன்

நேற்று வேறு வேலை. இன்று உட்கார்ந்து கணக்கைப் போட்டேன்.

வீட்டில் விளக்குமாறு கட்டும்போது ஓர் ஈர்க்கை உருவிப் பார்த்தால் புரியும். கட்டு இறுக்கமாக இருந்தால் ஈர்க்கு ஒடியும், தளர்வாக இருந்தால் உருவிக்கொண்டு வரும். கட்டுக்குள் ஈர்க்கு எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கும். பிளாஸ்டிக்குக்குள் கண்ணாடி இழையும் இதே கதைதான். இழையின் முனையை யாரும் பிடித்து இழுப்பதில்லை. பாரை இழுக்கும்போது பிளாஸ்டிக் இழையின் பக்கவாட்டை உரசிப் பிடித்துத்தான் சுமையை ஏற்றுகிறது. அந்த உரசல் பிடிப்பின் எல்லை, அதாவது இழையும் பிளாஸ்டிக்கும் சேரும் பரப்பு தாங்கும் சறுக்குத் தகைவு, τ. முனையில் இழையின் தகைவு பூஜ்ஜியம். உள்ளே போகப் போக நேர்கோட்டில் ஏறுகிறது.

இழையின் விட்டம் d, அதன் தகைவு σ. முனையிலிருந்து x தூரம் உள்ளே போனால், பக்கவாட்டுப் பிடிப்பு தரும் மொத்த விசை இழையின் குறுக்குவெட்டில் இருக்கும் விசைக்குச் சமம்:

```
τ · π d x = σ · π d² / 4
x = σ d / 4τ
```

இரண்டு முனையிலிருந்தும் தகைவு ஏறி, நடுவில் இழை உடையும் அளவை (σ_f) எட்ட வேண்டுமானால் இந்த x-ஐப் போல இரண்டு மடங்கு நீளம் வேண்டும். அதுதான் மாறுநிலை நீளம்:

```
l_c = σ_f d / 2τ
```

1965-இல் கெல்லியும் டைசனும் செம்புக்குள் டங்ஸ்டன் கம்பி வைத்துச் சோதித்து எழுதிய கணக்கு இது. அதற்கு முன்பே 1952-இல் காக்ஸ் காகிதத்தை மனதில் வைத்து, எதுவும் நழுவாமல் மீள்தன்மையில் மட்டும் இருக்கும் நிலைக்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். விறைப்பு வேண்டுமென்றால் காக்ஸ். எங்களுக்கு வேண்டியது உடையும் பலம், அதனால் கெல்லி-டைசன்.

σ_f-க்கு என்ன எண் போடுவது? எங்கள் இழையை 20 மி.மீ. நீளத்தில் தனியாக இழுத்தபோது 1300 மெகாபாஸ்கல். அதை அப்படியே போட்டால் தவறு. கண்ணாடி அதன் மோசமான கீறலில் உடையும். துண்டு சிறிதானால் மோசமான கீறல் அதில் இருக்கும் வாய்ப்பும் குறைவு. நீளத்தோடு பலம் எப்படி மாறும் என்று சொல்லும் வைபுல் கணக்கில், பலம் எவ்வளவு சிதறுகிறது என்பதைக் குறிக்கும் m எங்கள் இழைக்குச் சுமார் 8. கீழே வரப்போகும் மாறுநிலை நீளமான 0.7 மி.மீ. துண்டுக்கு மாற்றினால் 1300-ஐ 1.52-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 2000 வரும். விட்டம் 14 மைக்ரான்.

நல்ல லாட்டுக்கு τ 20 மெகாபாஸ்கல் என்று எடுத்தேன். கண்ணாடியில் அமினோசிலேன் பூச்சு, பிளாஸ்டிக்கில் மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் இருந்தால் இந்த அளவு நியாயம். இதற்கு மேல் பேராசைப்படவும் முடியாது. பிளாஸ்டிக் 35 மெகாபாஸ்கலில் நெகிழ ஆரம்பிக்கும் என்றால் அதன் சறுக்கு எல்லை 35/√3, அதாவது 20-தான். ஒட்டு இன்னும் பலமாக இருந்தாலும் பக்கத்துப் பிளாஸ்டிக் முதலில் நெகிழ்ந்துவிடும்.

```
l_c = 2000 × 0.014 / (2 × 20) = 0.70 மி.மீ.
```

எண்ணிய 400 இழையில் இந்த நீளத்தைத் தாண்டியது 19-தான். மற்ற 381-உம் உடையவே முடியாத இழைகள், உருவிக்கொண்டுதான் வரும். பலமான கண்ணாடி வாங்கினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றின் கணக்கில் σ_f வருவதே இல்லை.

மார்ச் 8, சனி

மதியத்துக்கு மேல் ஷிஃப்ட் இல்லை. மீதிக் கணக்கை முடித்தேன்.

இழையின் நீளம் L என்றால், l_c-க்குக் குட்டையான இழையின் சராசரித் தகைவு τL/d. நீளமானதற்கு σ_f(1 − l_c/2L). நான்கு குழுவுக்கும் போட்டால் 286, 571, 857, 1417 மெகாபாஸ்கல். இவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது இழைகளின் எண்ணிக்கையை எடையாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் எவ்வளவு கண்ணாடி இருக்கிறது என்பதை வைக்க வேண்டும். விட்டம் ஒன்றே என்பதால் அது குழுவின் மொத்த நீளத்தின் பங்கு: 25, 35, 25, 15 சதவீதம். ஆக 71 + 200 + 214 + 213, மொத்தம் 698.

அந்த 19 நீள இழையைப் பாருங்கள். எண்ணிக்கையில் 5 சதவீதம்கூட இல்லை. கண்ணாடியில் 15 சதவீதம். இழைகள் சுமக்கும் தகைவில் 30 சதவீதம்.

எடையில் 30 சதவீதக் கண்ணாடி கன அளவில் 13.2-தான், கண்ணாடி கனமானது அல்லவா. இழைகள் எல்லாம் இழுக்கும் திசையிலேயே படுத்திருப்பதில்லை, அதற்கு 0.6 என்று ஒரு காரணி. பிளாஸ்டிக்கின் பங்கு, உடையும் நேரத்தில் 28 மெகாபாஸ்கல்.

```
0.6 × 0.132 × 698 + 0.868 × 28 = 55.3 + 24.3 = 79.6 MPa
```

நல்ல லாட் கணக்கோடு ஒட்டிவிட்டது. எண்ணிக்கைச் சராசரி நீளத்தை (0.375 மி.மீ.) ஒரே இழையாக வைத்துப் போட்டிருந்தால் 67 தான் வந்திருக்கும்.

இப்போது கெட்ட லாட்டைத் தலைகீழாக. 44-இலிருந்து பிளாஸ்டிக்கின் 24.3-ஐக் கழித்தால் 19.7. அதை 0.6 × 0.132-ஆல் வகுத்தால் இழைகளின் சராசரித் தகைவு 249. எல்லா இழையும் l_c-க்குக் கீழ் என்று எடுத்துக்கொண்டால் 249 = τ × 0.52 / 0.014, 0.52 என்பது கண்ணாடி அளவால் எடையிட்ட சராசரி நீளம். τ = 6.7. அதை வைத்து l_c போட்டால், σ_f 2000 என்றே எடுத்தாலும், 2.1 மி.மீ. நீளமான 1.2-உம் அதற்குக் கீழே. எடுத்துக்கொண்டது சரிதான்.

அதே 1.2 மி.மீ. இழை நல்ல லாட்டில் நீளம், இந்த லாட்டில் குட்டை.

மார்ச் 11, செவ்வாய்

கணக்கைக் காட்டியபோது சார் நியாயமான கேள்வி கேட்டார்: "0.6-ஐ நீயே போட்டே, 28-ஐயும் நீயே போட்டே. அப்புறம் 6.7 வந்துச்சுன்னா என்ன அர்த்தம்?"

அதற்கு வேறொரு சாட்சி வேண்டியிருந்தது. உடைந்த முகத்தைச் சாதாரண ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். விரிசல் ஓர் இழையைக் கடக்கும்போது குட்டைப் பக்கம்தான் உருவிக்கொண்டு வரும். l_c/2-க்கு மேல் இரண்டு பக்கமும் புதைந்திருந்தால் இழை உடையும், உருவாது. ஆகவே முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் l_c/2-ஐத் தாண்டாது. நல்ல லாட்டில் எல்லை 0.35 மி.மீ.; கெட்டதில் 1.2 இழையின் பாதி, 0.6 வரை நீட்டலாம். திசைக்குப் போட்ட 0.6 என்ற காரணியோ பிளாஸ்டிக்கின் 28-ஓ இந்த அளவில் இல்லை.

பார்த்தோம். நல்ல லாட்டில் நீண்டதெல்லாம் 0.3-ஐ ஒட்டியே நின்றது. கெட்டதில் அரை மில்லிமீட்டருக்கு மேல் எட்டுப் பத்து இழை, வழுவழுவென்று, ஒரு பொட்டுப் பிளாஸ்டிக்கூட ஒட்டாமல். சார் கண்ணை எடுக்காமல், "இது வெளக்கெண்ணெய் தடவின மாதிரி இருக்கேய்யா" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

குருணை தயாரிப்பவரின் பக்கத்தில் விஷயம் வெளிவந்தது. ஒட்டுக்கான மாலியிக் குருணை போகும் சிறு ஃபீடரின் தொட்டியில் பொருள் பாலம் கட்டி நின்றுவிட்டது. திருகு வெறுமனே சுற்றியிருக்கிறது. மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதமே சேர்க்கும் பொருள் என்பதால் சாம்பல் எடையிலோ உருகு ஓட்டத்திலோ கண்ணில் படவில்லை. அங்கே அந்த இரண்டைத்தான் சோதிப்பார்கள்.

மார்ச் 19, புதன்

மாற்று லாட் வந்தது. 78 மெகாபாஸ்கல். நீட்டிய இழைகள் 0.3-க்குள்.

வாடிக்கையாளர் இன்று வேறொன்று கேட்டிருக்கிறார்: பிராக்கெட் பானெட்டுக்குள் 80 டிகிரியில் நிற்குமா? சூட்டில் பிளாஸ்டிக் இளகும். குளிரும்போது அது சுருங்கி இழையை இறுக்கிய பிடியும் தளரும். ஆக τ இறங்கும், l_c ஏறும், அந்த 19 இழையும் குட்டைப் பக்கம் சேரலாம். 20-ஐ வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. சூட்டு அறையுள்ள இழுவை இயந்திரத்தை வெள்ளிக்கிழமைக்குக் கேட்டிருக்கிறேன். உடைந்த பார்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முகம் வேண்டும் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.