பழுத்த குலை ஏன் நீலமாகிறது

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியில் வரும் செம்பனைக் குலைகள் ஆலையின் ராம்பில் கொட்டப்பட்டதும், தரம் பிரிப்பவரின் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். பழுத்த குலை செம்மஞ்சளாக இருக்கும். காய் கரும் ஊதாவாக இருக்கும். உதிர்ந்த பழங்களின் குழிகளை எண்ணுவது அதற்குப் பிறகுதான். இந்த வேலைக்குப் படத்தைக் கொண்டு உதவி செய்ய நிரல் எழுதுகிறவர்களுக்கும் நிறமே முதல் ஆதாரம். அதனால்தான் படங்களைக் கையாளும் நூலகமான ஓப்பன்சிவியில் நீலமும் சிவப்பும் இடம் மாறும் சிக்கல் இந்தத் தொழிலில் மற்ற இடங்களைவிட அதிகமாகக் கடிக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை `cv2.imread` கொண்டு திறக்கிறோம். நோட்புக்கில் மேட்பிளாட்லிப்பின் `plt.imshow` வழியாகக் காட்டுகிறோம். பழுத்த குலை பளிச்சென்று நீலமாகத் தெரிகிறது. பாதையின் செம்மண்ணும் தொழிலாளியின் ஆரஞ்சு நிற மேலங்கியும் நீலம் பூசிக்கொள்கின்றன. ஆனால் ஓலை ஏறக்குறையப் பச்சையாகவே இருக்கிறது. வெள்ளைத் தொப்பி வெள்ளைதான், தார்ச்சாலை சாம்பல்தான்.

எது மாறியது என்பதைப் போலவே எது மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேமராவின் வெள்ளைச் சமநிலை கெட்டிருந்தால் வெள்ளைத் தொப்பியிலும் நீலமோ மஞ்சளோ ஏறியிருக்கும். வெள்ளையும் சாம்பலும் தப்பித்து, பச்சை கிட்டத்தட்ட நின்று, சிவப்புப் பக்கத்து நிறங்கள் மட்டும் நீலமானால், அது கேமராவின் குற்றமோ கோப்பின் குற்றமோ அல்ல. படத்தின் மூன்று நிற அடுக்குகளான சேனல்களில் முதலாவதும் மூன்றாவதும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளையிலும் சாம்பலிலும் மூன்று எண்களும் சமம் என்பதால் இடம் மாறினாலும் அங்கே எதுவும் தெரியாது. பச்சை நடுவில் இருப்பதால் அது நகர்வதே இல்லை.

`cv2.imread` திருப்பித் தருவது ஒரு நம்பை அணி. உயரம், அகலம், 3 என்பது அதன் வடிவம். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை மூன்று எண்கள். அந்த எண்களின் மேல் பெயர் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஓப்பன்சிவி அவற்றை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. மேட்பிளாட்லிப்போ சிவப்பு, பச்சை, நீலம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் தத்தம் வழக்கப்படி சரியாகத்தான் நடக்கின்றன. நடுவில் மொழிபெயர்க்கத்தான் ஆள் இல்லை. பிழைச்செய்தியும் வராது, ஏனென்றால் இரு பக்கத்துக்கும் அது செல்லுபடியாகும் அணிதான்.

கோப்பைச் சந்தேகிப்பதில் பயனில்லை. ஜேபெக் படம் வட்டில் ஒளிர்வு, நிறவேறுபாடு என்ற வேறு வடிவில்தான் பொதுவாகச் சேமிக்கப்படுகிறது. பிஎன்ஜி சிவப்பிலிருந்து தொடங்குகிறது. எந்த வகையைத் திறந்தாலும், நினைவகத்தில் பிரித்து வைக்கும்போது ஓப்பன்சிவி தன் வரிசைக்கு மாற்றிவிடுகிறது. இந்த வழக்கம் பழையது. ஓப்பன்சிவி இன்டெல் நிறுவனத்தில் 1999-இல் தொடங்கிய திட்டம். 2000-இல் வெளியுலகுக்கு வந்தது. அக்காலத்தில் விண்டோஸின் பிஎம்பி படங்களும் பல கேமராக்களின் மென்பொருளும் நீலத்தை முதலில் வைத்தன, நூலகமும் அதையே ஏற்றது. இன்று அதை மாற்றினால், அந்த வரிசையை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் ஒரே நாளில் தவறிப்போகும்.

திருத்தம் ஒரு வரிதான்:

```python
img = cv2.imread("kulai.jpg")
rgb = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2RGB)
plt.imshow(rgb)
```

இதில் இரண்டு மாறிகளுக்கு இரண்டு பெயர் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. திருத்திய படத்தையும் `img` என்றே வைத்துக்கொண்டால், நாற்பது வரி தள்ளி வரும் இன்னொருவர் அது எந்த வரிசை என்று அறிய வழியில்லை. அவர் நல்லெண்ணத்தோடு மறுபடி ஒருமுறை மாற்றுவார், படம் பழையபடி நீலமாகும். `COLOR_BGR2RGB`, `COLOR_RGB2BGR` இரண்டும் உள்ளே ஒரே செயல்தான், இரு முனைகளையும் இடம் மாற்றுவது மட்டுமே. எனவே பெயரைத் தவறாக எழுதினாலும் தெரியாது, இரண்டு முறை செய்தாலும் பிழைச்செய்தி வராது.

அடுத்து வழுக்குகிற இடம், திருத்திய படத்தைச் சேமிப்பது. `cv2.imshow`, `cv2.imwrite` இரண்டும் நீலம் முதலில் வரும் என்றே எதிர்பார்க்கின்றன. மேட்பிளாட்லிப்புக்காக மாற்றிய அணியை `cv2.imwrite`-க்குக் கொடுத்தால், கோப்பிலேயே நிறம் மாறிப் பதிந்துவிடும். அந்தப் படத்தை எங்கே திறந்தாலும் நீலக் குலைதான். திரையில் தவறுவது ஒரு நொடித் தொல்லை. வட்டில் தவறினால், அந்தப் படங்கள் பயிற்சித் தொகுப்புக்குள் போய்க் கலந்துவிடும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிவது. எங்களைக் கவலைப்பட வைப்பது கண்ணுக்குத் தெரியாத வகை. ராம்பில் ஓடும் நிரல் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை, எண்ணை மட்டுமே சொல்கிறது.

பழுத்த குலையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 210, பச்சை 80, நீலம் 30. ஓப்பன்சிவியின் அணியில் அது `[30, 80, 210]` என்று இருக்கும். இதை `COLOR_BGR2HSV` கொண்டு நிறக்கோணம், செறிவு, வெளிச்சம் என்ற வடிவுக்கு மாற்றினால் நிறக்கோணம் ஏறக்குறைய 16.7 பாகை. 8 பிட் படங்களில் ஓப்பன்சிவி கோணத்தைப் பாதியாக்கி 0 முதல் 179 வரை வைப்பதால் கிடைக்கும் எண் 8. இப்போது வேறு நூலகம் திறந்து கொடுத்த, சிவப்பு முதலில் இருக்கும் அணியை அதே வரிக்குக் கொடுத்துப் பாருங்கள். பில்லோ நூலகம் தருவது அப்படிப்பட்ட அணிதான். கிடைக்கும் எண் 112, அதாவது நீலம். செறிவும் வெளிச்சமும் கொஞ்சமும் மாறாது, ஏனென்றால் அவற்றைக் கணக்கிட மூன்று எண்களில் பெரியதும் சிறியதும் போதும், எது எங்கே இருக்கிறது என்பது வேண்டாம். எனவே அந்த இரண்டை மட்டும் சோதிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும்.

பழுத்த நிறத்துக்கு 0 முதல் 15 வரை என்று எல்லை போட்டிருந்தால், எல்லைக்குள் வரும் புள்ளிகளை மட்டும் வெள்ளையாகக் காட்டும் முகமூடிப் படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாக வரும். நிரல் "பழுத்த குலை இல்லை" என்று அமைதியாகச் சொல்லும். இந்த இடத்தில் பலர் செய்வது எல்லையை இழுத்து இழுத்துப் பார்ப்பது. 105 முதல் 120 வரை என்று வைத்ததும் முகமூடி குலையின் மேல் அழகாக உட்கார்ந்துவிடும். வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் தவறு தீரவில்லை, எல்லை எண்களுக்குள் போய்க் குடியேறிவிட்டது. பிறகு யாராவது படம் திறக்கும் வரியைச் சரிசெய்தால் தரம் பிரிப்பது மொத்தமாக நின்றுபோகும், சரிசெய்தவர்மேல் பழி விழும். எல்லை எண்ணைத் தொடுமுன் குலையின் நடுவில் ஒரு புள்ளியை அச்சிட்டுப் பார்த்துவிடுவதே நல்லது. செம்மஞ்சளில் சிறிய எண் முதலில் வந்தால் ஓப்பன்சிவி வரிசை. பெரிய எண் முதலில் வந்தால் மறு வரிசை. அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

சாம்பல் நிறப் படமாக மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. இருக்கிறது. சாம்பலாக்கும்போது சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுக்கப்படுகிறது. மேலே சொன்ன புள்ளிக்குச் சரியான சாம்பல் மதிப்பு 113. வரிசை மாறிப் போனால் 80. திரையில் படம் சற்று இருண்டதாகத் தெரியும், அவ்வளவுதான். நீலம் எங்கும் எட்டிப் பார்க்காது. ஆனால் 100-இல் வெட்டும் எல்லைக்கு, அந்தப் புள்ளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

சோதனைக்கு எந்தப் படத்தை எடுக்கிறோம் என்பதும் இங்கே பெரிய விஷயம். பழுக்காத குலையின் கரும் ஊதாப் புள்ளி சிவப்பு 50, பச்சை 30, நீலம் 60 என்று வைத்துக்கொண்டால், இடம் மாறிய பின் 60, 30, 50. இரண்டும் கண்ணுக்கு இருண்ட ஊதாதான். காய்க் குலையையும் ஓலையையும் மட்டும் வைத்துச் சோதித்தால், மாற்றம் நடந்ததே தெரியாமல் நிரல் ஆலைக்குப் போய்விடும். நன்றாகப் பழுத்த குலை ஒன்று சோதனைப் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற மாதிரி வலைகளிலும் இதே கதை. பயிற்சியின்போது பில்லோ வழியாகச் சிவப்பு முதலில் வந்த படங்கள், ராம்பில் `cv2.VideoCapture` வழியாக நீலம் முதலில் வரும் படங்கள். மாதிரி பிழை சொல்லாமல் பதில் தரும், நம்பிக்கை அளவு மட்டும் சரியும். அதைப் பார்த்து மாலை வெளிச்சத்தையும் மழைக்காலத்தையும் குறை சொல்லத் தொடங்குவோம். ஒரே கோப்பை இரு வழியிலும் திறந்து ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். ஜேபெக்கைப் பிரிக்கும் முறை நூலகத்துக்கு நூலகம் சற்று வேறுபடலாம் என்பதால் சிறு வித்தியாசங்களைப் பொருட்படுத்த வேண்டாம். செம்மஞ்சள் பகுதியில் நூறு, நூற்றைம்பது என்று வித்தியாசம் வந்தால் வரிசைதான் மாறியிருக்கிறது.

`img[:, :, ::-1]` என்று எழுதி மாற்றுவதும் உண்டு. வேகமானது, ஏனென்றால் எதையும் நகலெடுக்காமல் அதே நினைவகத்தைப் பின்னோக்கிப் படிக்கிறது. அதுவே அதன் தொல்லையும்கூட. `torch.from_numpy` இப்படிப்பட்ட அணியை ஏற்க மறுக்கும், ஓப்பன்சிவியின் வரையும் கட்டளைகளும் முரண்டு பிடிக்கும். அப்போது `np.ascontiguousarray` கொண்டு நகலெடுக்க வேண்டும். ஒளிபுகும் அளவைத் தாங்கிய நான்காவது சேனல் இருந்தால் இந்தக் குறுக்குவழி அதையும் சேர்த்துத் திருப்பி முதலிடத்தில் வைத்துவிடும். `cvtColor` பயன்படுத்துவதையே நாங்கள் விரும்புகிறோம், அதுவும் நிரலுக்குள் படம் நுழையும் ஒரே இடத்தில் ஒரே முறை.

அந்த நுழைவாயில் சரியா என்று பார்க்க, தூய சிவப்புச் சதுரம் ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்:

```python
t = np.zeros((20, 20, 3), np.uint8)
t[:] = (0, 0, 255)
cv2.imwrite("merah.png", t)
```

ஜேபெக் எண்களைச் சற்றுக் கலைத்துவிடும் என்பதால் பிஎன்ஜிதான் வேண்டும். இந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் சிவப்பாகத் தெரிய வேண்டும். பிறகு வழக்கமான குலைப் படத்தைப் போலவே இதையும் நிரலின் முழுப் பாதையிலும் செலுத்தி, மாதிரிக்குள் போகுமுன், எண்களை வகுத்துச் சீராக்கும் படிக்கும் முன்பாக, ஒரு புள்ளியை அச்சிடுங்கள். மாதிரி சிவப்பு முதலில் வரும் படங்களில் பயின்றது என்றால் அங்கே `[255 0 0]` வர வேண்டும். `[0 0 255]` வந்தால் மாற்றம் எங்கோ விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு முறை நடந்திருக்கிறது.