அண்ணன் மருந்து குடிக்கவில்லை, அடித்தார்

பூச்சி மருந்தைக் குடித்தால்தான் ஆளுக்கு ஆபத்து என்று எங்கள் பக்கம் ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். என் அண்ணன் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஆனாலும் வென்டிலேட்டர் வரை போய்த் திரும்பி வந்தார். மருந்து போனது தோல் வழியாக. அந்த நாட்களில் எது உதவியது, ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகு எதை மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களுக்குப் பருத்திக் காடு. செடி இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டால் மருந்தடிப்பவர் தான் தெளித்த ஈரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். அன்று அடித்தது புரோபினோபாஸ் 40 சதவீதமும் சைபர்மெத்ரின் 4 சதவீதமும் சேர்ந்த கலவை. கலக்கும்போது பாட்டில் வழுக்கி, தண்ணீர் சேராத மருந்து லுங்கியில் தொடைப்பக்கம் கொட்டியிருக்கிறது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். போதாததற்கு, முதுகில் மாட்டிய ஸ்பிரேயரின் மூடி வாஷர் தேய்ந்து போயிருந்ததால் டேங்க் ஆடும்போதெல்லாம் சட்டை நனைந்துகொண்டே இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தலைவலி என்று வரப்பில் உட்கார்ந்தவருக்கு வியர்வை ஆறாக ஓடியது. வாந்தி, வயிற்றுப் பிசைவு. "வெயில் தாக்கம்டா, மோர் கொண்டு வா" என்றார் அம்மா. மே மாத வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வெயில் தாக்கினால் வாய் உலர்ந்து போகும். இவருக்கு எச்சில் வழிந்தது, மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கொட்டியது. கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கெண்டைக்காலிலும் கண் இமையிலும் சதை தானாகத் துடித்தது. "கண்ணு மங்கலா இருக்கு தம்பி" என்றார். உடம்பிலுள்ள நீரெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருவதும் கருமணி சுருங்குவதும் சேர்ந்து இருந்தால், அது புரோபினோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் அடையாளம். நரம்பு அனுப்பும் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதியை இவை முடக்கிவிடுகின்றன. அதனால் சுரப்பிகளும் தசைகளும் நிற்காமல் வேலை செய்கின்றன. நெஞ்சிலும் சளி நிறைந்து மூச்சு அடைப்பதுதான் இதில் உயிரை எடுப்பது.

108-க்குப் போன் போட்டதும் பக்கத்துக் காட்டு மாமா வந்துவிட்டார். வண்டி வரும் வரை அண்ணனைக் கழுவினோம். சட்டையைத் தலை வழியாகக் கழற்றினால் முகத்தில் மருந்து படும் என்பதால் கத்தியால் கிழித்தோம். கையுறை இல்லை, உர மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டோம். தொட்டுக் கழுவுகிறவருக்கும் மருந்து ஏறும். போர் தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டு, குளிக்கிற சோப்பைப் போட்டு, தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் என்று எல்லா இடமும் கழுவினோம். அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் கீறினால் மருந்து இன்னும் உள்ளே போகும். மாடு குடிக்கிற தொட்டிப் பக்கம் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டோம். தோல் பெல்ட்டைத் தூக்கி எறியச் சொன்னார்கள். பெல்ட், செருப்பு மாதிரி தோல் பொருளில் ஊறிய மருந்து எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஆனால் மூச்சு திணறிக்கொண்டிருக்கும் ஆளைக் கழுவி முடித்த பிறகுதான் கூட்டிப்போவேன் என்று நிற்கக் கூடாது. வண்டி வந்துவிட்டால் துணியை மட்டும் களைந்துவிட்டு ஏற்ற வேண்டியதுதான்.

இதற்கிடையில் ஒருவர் புளித்தண்ணீர் என்றார், இன்னொருவர் உப்புத் தண்ணீர் என்றார், சாணியைக் கரைத்துக் கொடுக்கலாம் என்றும் ஒரு குரல் வந்தது. தோல் வழியாகப் போன மருந்தை வாந்தி எப்படி வெளியே கொண்டு வரும்? வாயால் குடித்தவருக்கும் இது கூடவே கூடாது என்று டாக்டர் பிறகு விளக்கினார். ஈ.சி. வகை மருந்து பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும், சாணித் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அண்ணனை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வழிந்த எச்சிலை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தோம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகலாம் என்ற யோசனையையும் மாமா தடுத்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் எச்சிலை உறிஞ்சும் கருவியும் இருக்கும், பைக்கில் பின்னால் பிடித்திருக்கும் ஆள்தான் இருப்பார்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "என்ன மருந்து?" பூச்சி மருந்து, பருத்தி மருந்து என்றால் அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. பிராண்ட் பெயரும் பாதிதான் உதவும். ஒரே கம்பெனியின் இரண்டு பாட்டில்கள் பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசமாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. அவர்களுக்கு வேண்டியது லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரும் சதவீதமும். அண்ணி காட்டிலிருந்து பாட்டிலின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, பச்சை என்றால் குறைவு. மாற்று மருந்து பற்றிய குறிப்பும் லேபிளிலோ உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளிலோ இருக்கும்.

அடுத்து கேட்டவை: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வாயா, தோலா, மூச்சா, எவ்வளவு நேரம் துணி நனைந்திருந்தது, நாம் என்ன கொடுத்தோம், எத்தனை முறை வாந்தி, வேறு நோய் உண்டா, சாராயம் குடித்திருந்தாரா. எல்லாவற்றையும் மாமா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது பெரிய உபகாரம். ஷிப்ட் மாறும்போது புது டாக்டருக்கும் அதே சீட்டைக் காட்டினோம். டாக்டர்களுக்கே சந்தேகம் வந்தால் டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம். நாமும் கேட்கலாம்.

அப்புறம், "குடித்தாரா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் கோபப்பட்டார். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குடித்திருந்தால் உடம்பில் ஏறும் அளவும் நேரமும் வேறு. நஞ்சு வழக்கு என்பதால் ஆஸ்பத்திரியே போலீசுக்குத் தகவல் சொல்லும், ஒரு ஏட்டு வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான். உண்மையிலேயே யாராவது குடித்திருந்தாலும் வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. மறைத்தால் இழப்பது சிகிச்சை நேரம்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஊசி போட்டார்கள். ஒரு ஆம்பூலில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். அதை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து நாங்கள் மிரண்டுவிட்டோம். நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பு ஏறும் வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கொடுப்பதுதான் முறை என்றார் நர்ஸ். ராத்திரி அண்ணன் போர்வையைக் கிள்ளிக்கொண்டு, இல்லாத மாட்டை விரட்டினார். மூளைக்கு மருந்து ஏறிவிட்டது என்று அம்மா அழுதார். அது அட்ரோபின் சற்று அதிகமானதன் விளைவு. வாய் உலர்ந்து, உடம்பு சூடாகி, உளறினால் நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும், சொட்டைக் குறைப்பார்கள். நாங்களும் சொன்னோம், குறைத்தார்கள்.

இதற்கு அடுத்ததுதான் பலருக்கும் தெரியாதது. மறுநாள் அண்ணன் தெளிவாகப் பேசினார், கஞ்சி கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டார், "சரியாயிடுச்சே, எழுதிக் கொடுத்துட்டு கூட்டிப்போங்க" என்றார்கள். டாக்டர் மட்டும் ஒவ்வொரு முறை வரும்போதும், "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்பார். ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். அண்ணனுக்கு அன்று இரவே தலை தூக்க முடியவில்லை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பொதுவாக 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் இப்படித் தளரலாம். அதற்கு அட்ரோபின் உதவாது, தசை தானாகத் தேறும் வரை மெஷின்தான் மூச்சு விட வேண்டும். ஐ.சி.யூ.வுக்கு மாற்றிக் குழாய் வைத்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கும். தலை எழும்ப ஆரம்பித்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தத்தில் அந்த நொதியின் அளவு பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், பரிசோதனை சொல்லும் வரை மருந்துப் பக்கம் போகவே கூடாது என்றார்கள்.

வீட்டில் முதலில் மாறியது பாட்டில்கள் இருந்த இடம். முன்பு பரணில், விதைநெல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது மாட்டுக்கொட்டகைக்கும் தள்ளி, வெயில் படாத சுவரில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. உணவு, தீவனம், விதை எதுவும் அந்தப் பக்கம் கிடையாது. மீதி மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது முழுசாக நின்றது. லேபிள் இல்லாத பாட்டிலை எந்த டாக்டருக்குக் காட்டுவது? கழிப்பறை ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய், எலிப் பசை எல்லாமே அவை வந்த டப்பாவிலேயே, குழந்தைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்கின்றன. எலிப் பசையைப் பற்றி ஒன்று: மஞ்சள் பாஸ்பரஸ் உள்ளதைத் தின்ற பிள்ளை ஓரிரு நாள் நன்றாகவே விளையாடும், அப்புறம்தான் கல்லீரல் கெடுவது தெரியும். அறிகுறிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

பூட்டை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் மனது சரியில்லாத ஆள் இருந்தால் மருந்தே வீட்டில் இருக்கக் கூடாது. அதனால் ஒரு முறை அடிக்கத் தேவையான அளவு மட்டும் வாங்குகிறோம். கடைக்காரர், "லிட்டர் வாங்கினா லாபம்" என்பார், காதில் போட்டுக்கொள்வதில்லை. காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டு விடுகிறோம், யாரும் தண்ணீர் பிடிக்க எடுக்க முடியாது. மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு ஊறப்போடுவதில்லை. அண்ணி கையுறை போட்டுத் தனியாக அலசுகிறார். டேங்கை முதுகில் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூடி கசிகிறதா என்று அண்ணன் பார்க்கிறார். வாஷர் முப்பது ரூபாய்கூட ஆகாது, ஒன்று எப்போதும் உபரியாக அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது.